உள்பக்கம் திருப்பிக் கட்டிய மணிக்கூடு

இல்லாத நகையைப் படத்தில் பூட்டிக் கொடுப்பதற்கு மன்னார்ப் பட்டினத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை என்றொரு மண்டைக்கனம் அப்போது எனக்கு இருந்தது. சண்டை திரும்பத் தொடங்கிய வருசங்கள். கடைத்தெருவில் ஒரு ஸ்டூடியோவில் கணினியில் படம் திருத்துவதுதான் என் வேலை. கலியாணப் பேச்சுக்கால் படத்துக்குக் கழுத்தில் சங்கிலி வேண்டும் என்பார்கள், கையில் காப்பு வேண்டும் என்பார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிற படத்தில் மாப்பிள்ளையின் கை மொட்டையாக இருக்கக் கூடாது, ஒரு மணிக்கூடு போட்டுவிடு பிள்ளை என்பார்கள். மற்றவர்கள் செய்த வேலையைப் பார்த்தால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். முத்திரை ஒட்டியதுபோல மணிக்கூட்டை மணிக்கட்டில் ஒட்டி வைத்திருப்பார்கள். அது தோலைத் தொடாமல் மிதக்கும். வாய்விட்டுத் திட்டுவேன். முதலாளி, "வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்" என்பார்.

அந்த அக்கா ஒரு புதன்கிழமை காலையில் வந்தா. முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பழைய படமும் கைலேஞ்சியில் சுற்றிய ஒரு மணிக்கூடும். படத்தைக் கண்டதும் அடையாளம் பிடித்துவிட்டேன். அந்த மனுசனை எனக்குத் தெரியும். நேரில் இல்லை, படத்தில். இரண்டு நாளுக்கு முன்னர்தான் அவருடைய தமையன் வந்து, இதே படத்தின் இன்னொரு பிரதியைத் தந்து, பெருப்பித்துச் சட்டம் போடச் சொல்லிப் போயிருந்தார். கீழே 'உதிர்வு' என்று எழுத வேண்டும், திகதியைப் பிறகு சொல்கிறேன் என்றிருந்தார்.

அக்கா சுற்றி வளைக்கவில்லை. "இவர் என்ர மனுசன். நாலு மாசத்துக்கு முன்னம் பின்னேரம் கரைக்குப் போனவர். ரெண்டு நாள் கழிச்சு வள்ளம் மட்டும் வெறுமையா மிதந்துது. கடலில மோசம் போயிட்டார் எண்டு எல்லாரும் சொல்லுகினம். சனிக்கிழமை விதானையார் படிவம் கொண்டு வாறார். நான் கையெழுத்து வைச்சால் செத்தவர் எண்டு பதிவாகும். ஞாயிறு பூசை."

"நீங்கள் என்ன நினைக்கிறியள்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் உம்மட்ட வந்தனான்."

நடந்தது இதுதான். முருங்கன் பக்கம் ஒரு குடியேற்றத்தில் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயிருந்து எங்கள் கரை வாடியில் கருவாடு காயப்போடுகிற கூலி வேலைக்கு வந்த ஒருவரை அதே பின்னேரம் ஒரு லொறியில் ஏற்றியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் தெருவில் இறக்கி விட்டிருக்கிறார்கள். பயத்தில் நாலு மாதம் வாய் திறக்காதவர், போன கிழமைதான் பங்குச் சுவாமியிடம் சொல்லியிருக்கிறார்: லொறியில் பக்கத்தில் இன்னொருவர் இருந்தார், கண் கட்டியிருந்ததால் முகம் தெரியாது, மணிக்கூடு கட்டிய கை மட்டும் தெரிந்தது, கண்டால் சொல்லுவேன். சுவாமி அதை அக்காவுக்குச் சொல்ல, அக்கா அவர் மூலமே இந்தப் படத்தை அனுப்பினா. 'இதில் வாச்சு இல்லையே, எப்படிச் சொல்றது' என்று படம் திரும்பி வந்துவிட்டது.

படத்தில் மணிக்கூடு ஏன் இல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஸ்டூடியோவில் எடுத்த படம் அது. இரும்புப் பட்டையில் ஃபிளாஷ் பட்டால் வெள்ளையாக அடித்துவிடும் என்று முதலாளி எல்லாரையும் மணிக்கூட்டைக் கழற்ற வைப்பார். மகனின் ஞானஸ்நானத்தன்று எடுத்தது. அந்த மனுசன் கதிரையின் முதுகில் இடக்கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். புறங்கை எங்களைப் பார்க்கிறது. வெயிலில் கறுத்த மணிக்கட்டில் மணிக்கூடு இருந்த இடம் மட்டும் வெளிறிக் கிடக்கிறது.

"இது அவற்ர மணிக்கூடோ?" என்று கைலேஞ்சியைக் காட்டிக் கேட்டேன்.

"இல்லை. கலியாணத்துக்கு என்ர அண்ணை ஒரே கடையில ரெண்டு வாங்கினவர். ஒண்டு அவருக்கு, ஒண்டு தனக்கு. இது அண்ணையின்ர. அச்சொட்டா அதுதான்."

எனக்குள் ஏதோ இடறியது. என் வாய் சும்மா இருக்காது. "அக்கா, குறை நினைக்காதேங்கோ. நாங்களே மணிக்கூட்டைப் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினால், அந்த ஆள் பாவம் பாத்து ஓம் எண்டு சொல்லிப்போடுவார். அது உண்மையோ பொய்யோ எண்டு நீங்கள் காலம் முழுக்க யோசிச்சுக்கொண்டு இருப்பியள்."

அக்கா கோபப்படவில்லை. "அப்ப நீர் பிழையான படம் ஒண்டையும் செய்யும். ரெண்டையும் வைப்பம். எது எண்டு அவர் சொல்லட்டும்" என்றா. எனக்கு வெட்கமாகப் போயிற்று. நான் கெட்டித்தனமாகக் கேட்டதாக நினைத்தேன், அவ என்னைவிட ஒரு அடி முன்னே நின்றா.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். அதே கதிரை இன்னும் ஸ்டூடியோவில் இருந்தது. அண்ணையின் மணிக்கூட்டை என் கையில் கட்டினேன். படத்தில் வெளிச்சம் இடப்பக்கம் மேலே இருந்து வந்திருந்தது, விளக்கை அங்கே நகர்த்தினேன். அந்த மனுசன் நின்றதுபோலக் கதிரை முதுகில் கையை ஊன்றி, முதலாளியைக் கமராவோடு அதே தூரத்தில், அதே உயரத்தில் நிற்க வைத்தேன். படத்தில் மணிக்கட்டைக் கொஞ்சம் மேலேயிருந்து பார்க்கிறோம். மணிக்கூட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கோணம் ஒரு விரல் மாறினாலும் பிறகு எவ்வளவு இழுத்தாலும் பொருந்தாது.

முதலாளி எடுத்த படத்திலிருந்து என் கையை வெட்டி எறிந்துவிட்டு மணிக்கூட்டை மட்டும் எடுத்து அவருடைய மணிக்கட்டில் வைத்தேன். மணிக்கட்டு உருண்டையான பொருள். பட்டையின் கண்ணிகள் நடுவில் முழு அகலத்தோடு தெரியும், ஓரத்துக்குப் போகப் போக ஒடுங்கி, கடைசிக் கண்ணி ஒரு கோடாகிப் பின்பக்கம் மறையும். என் மணிக்கட்டைவிட அவருடையது தடிப்பு, அதற்கேற்ப வளைத்தேன். பட்டை தோலின் விளிம்போடு வெட்டுப்பட்டு நின்றால் அது ஒட்டுப்படம். இரும்புக்குத் தடிப்பு உண்டு, ஆகவே விளிம்பைத் தாண்டி ஒரு மயிரிழை வெளியே தெரிய வேண்டும். அப்படிச் செய்தேன். அச்சடித்த பழைய படத்தை ஸ்கேன் பண்ணியது கொஞ்சம் மங்கலாகவும் புள்ளி புள்ளியாகவும் இருந்தது. மணிக்கூடு பளிச்சென்று நின்றது. அதையும் மங்க வைத்துப் புள்ளி சேர்த்தேன்.

மத்தியானம் கரண்ட் போயிற்று, ஜெனரேற்றரில் டீசல் இல்லை. வியாழன் காலையில்தான் நிழலைப் போட முடிந்தது. எனக்குப் பிடித்த வேலை அது. பட்டை தோலைத் தொடுகிற இடத்தில் நிழல் கறுப்பாக, ஒடுக்கமாக, நூல்போல இருக்க வேண்டும். தொடாத இடத்தில் நிழல் பட்டையை விட்டு விலகி விழும், அகலமாக, மெதுவாக. இந்த வித்தியாசம்தான் மணிக்கூட்டைக் கையில் உட்கார வைக்கும். ஆனால் நிழல் விழுகிற இடத்தில் மணிக்கட்டுக்குக் குறுக்கே மங்கலாக ஒரு கோடு கிடந்தது. தோல் சுருக்கமோ, படத்தில் விழுந்த கீறலோ. என் நிழலின் விளிம்பை அது குழப்பியது. பக்கத்துத் தோலை எடுத்து அதன்மேல் தடவி விட்டேன். மூன்று வினாடி வேலை. ஒரு நாளைக்கு நூறு முகத்தில் பரு துடைக்கிற கை, யோசித்துச் செய்யவில்லை.

பின்னேரம் அக்கா வந்தபோது திரையை அவவின் பக்கம் திருப்பினேன். என் வாழ்க்கையில் செய்த நல்ல வேலைகளில் அது ஒன்று. டயலின் கண்ணாடியில் இடப்பக்க வெளிச்சம்கூட மெல்லிசாகப் பட்டுத் தெறித்தது. புகழப் போகிறா என்று காத்திருந்தேன்.

"இது அவரில்லை" என்றா.

எனக்கு முகம் சிவந்தது. "என்ன பிழை?"

"அவர் இப்பிடிக் கட்டமாட்டார். வலை இழுக்கேக்க கண்ணாடியில கீறல் விழும் எண்டு உள்பக்கம் திருப்பித்தான் கட்டுவார். பூட்டுத்தான் வெளியில தெரியும். பட்டையும் பெரிசு. கண்ணி கழட்டச் சொல்லிச் சொல்லி நான் களைச்சுப் போனன். கை அசைஞ்சாலே கீழ இறங்கும்."

படத்தைத் திரும்பப் பார்த்தேன். வெளிறிய அடையாளம் ஒரே அகலத்தில் நேராக ஓடியது. புறங்கைப் பக்கம் டயல் இருந்திருந்தால் அங்கே வட்டமாக வெளிறியிருக்கும். இரண்டு நாளாக அதே மணிக்கட்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சாட்சி கண் முன்னால் கிடந்தது, எனக்கு டயலின் பளபளப்புத்தான் பெரிதாக இருந்தது. என்னை நானே அறையலாம்போல இருந்தது.

"அப்ப பிழையான படம் ஆயத்தமாயிட்டுது" என்றேன். அக்கா அந்த நாளில் முதல் தடவையாகச் சிரித்தா.

சரியான படத்துக்கு மணிக்கூட்டை உள்பக்கம் திருப்பிக் கட்டி மறுபடியும் எடுத்தோம். இப்போது தெரிந்ததெல்லாம் கண்ணிகளும் நடுவில் பூட்டும்தான். அழகே இல்லை. பட்டை தளர்வு, ஆகவே மேலே தோலில் படிந்து கீழ்ப்பக்கம் தொங்க வேண்டும். மேலே நூல் நிழல், கீழே விலகிய நிழல். துடைத்த தோல் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது, அதன்மேலேயே செய்தேன். மறைகிற டயலுக்காக எனக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது, பாருங்கள்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். படத்தைப் பற்றி அந்த ஆள் ஏதும் கேட்டால் சொல்ல வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். உண்மையில் அக்காவைத் தனியே விட மனம் வரவில்லை. என் பையில் மூன்று படங்கள்: மணிக்கூடு இல்லாத பழைய படம், டயல் வெளியே தெரிகிற படம், பூட்டு மட்டும் தெரிகிற படம்.

ஆமிச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த சிப்பாய்க்கு என் வயதுதான் இருக்கும். மூன்று படங்களையும் வரிசையாக மேசையில் வைத்தான். ஒரே மனுசன், ஒரே கதிரை, ஒன்றில் மணிக்கூடு இல்லை, இரண்டில் இருக்கிறது. அவன் புருவம் ஏறியது. "மே கவுத?" என்றான். இது யார் என்று கேட்கிறான் என்பது அக்காவுக்கும் தெரியும். அவவின் விரல் என் சட்டையைப் பிடித்து இறுக்கியது. காணாமல் போனவர் என்று சொன்னால் எங்கே போகிறீர்கள் என்று கேட்பான், அதைச் சொன்னால் அந்தக் கூலிக்காரரின் கதை முடிந்துவிடும்.

"ஸ்டூடியோ வெட" என்றேன். ஸ்டூடியோ வேலை. என் வேலை அட்டையை நீட்டினேன். படத்தில் மணிக்கூட்டைத் தொட்டுக் காட்டி, நான் போட்டது என்று கையால் சொன்னேன்.

அவன் படத்தை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, தன் படத்துக்கும் ஒன்று போட முடியுமா என்று கேட்டான். ஊரில் பெண் பார்க்கிறார்களாம். முடியும், வாங்கோ என்றேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் படங்களைப் பையின் அடியில் செருகினேன். அவனுடைய வெறும் மணிக்கட்டு என் கண்ணுக்குள்ளேயே நின்றது, ஏனென்று தெரியாது.

குடியேற்றத்தில் அந்தக் கூலிக்காரரின் வீடு தகரக் கூரை. நாற்பது வயது இருக்கும், மெலிந்தவர். அவருடைய மனைவி வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தா. "சீக்கிரம் பாத்துட்டுப் போயிருங்கம்மா. யாரு ஏத்துனாங்கன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் அவர்.

நான் கேட்கவில்லை. டயல் படத்தையும் பூட்டுப் படத்தையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எது சரி என்று சொல்லவில்லை. அக்காவைத் தலை குனிந்திருக்கச் சொல்லியிருந்தேன், அவ முகத்தைப் பார்த்து அவர் சொல்லிவிடக் கூடாது. அவர் குந்தியிருந்து பார்த்தார். படத்தில் இருந்த முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் பார்த்தார்.

"பொழுது சாயலைங்க, வெளிச்சம் இருந்திச்சு. கண்ணைக் கட்டியிருந்த துணிக்குக் கீழ, மூக்கு ஓரமா ஒரு சந்து. அதுல பக்கத்தாளு கை மட்டுந்தான் தெரிஞ்சிச்சு. லொறிக் கம்பியைப் புடிச்சிருந்தாரு, இந்தக் கதிரையைப் புடிச்சிருக்கிற மாதிரியே." விரலை டயல் படத்தில் வைத்தார். அதைத் தள்ளிவிட்டார். "இது இல்லீங்க. வாச்சு மொகம் தெரியலை. பட்டைதான். இந்தா, இது. இதே மாதிரி லொட லொடன்னு."

அக்கா தலையை நிமிர்த்தினா.

"வாச்சு இதுதாங்க" என்றார் அவர். பிறகு தலையை ஆட்டினார். "ஆனா கை இது இல்லை."

வாசலில் நின்றவகூடத் திரும்பிப் பார்த்தா.

"லொறி குலுங்கும்போது வாச்சு ஏறி எறங்கும். அதுக்குக் கீழ குறுக்கால ஒரு தழும்பு இருந்திச்சுங்க. கயிறு அறுத்த மாதிரி. இந்தக் கை வழுவழுன்னு இருக்கு. மன்னிச்சிருங்கம்மா. இவரு வேற ஆளு."

அக்கா திரும்பி என்னைத்தான் பார்த்தா. மூன்று வினாடி. பக்கத்துத் தோலை எடுத்துத் தடவிய அந்த மூன்று வினாடி. என் நிழலுக்கு விளிம்பு வேண்டும் என்பதற்காக ஒரு மனுசனின் தழும்பைத் துடைத்து எறிந்திருக்கிறேன்.

பையில் கையை விட்டேன். மணிக்கூடு இல்லாத அந்தப் படத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வாசல் வெளிச்சத்தில் அந்த மங்கலான கோடு, வெளிறிய பட்டையின் கீழ் விளிம்பிலிருந்து பெருவிரல் அடி வரைக்கும் சரிவாக ஓடியது. எனக்கு இப்போது அது மட்டும்தான் தெரிந்தது.

அவர் விரலால் அந்தக் கோட்டை மெல்லத் தடவினார். "அன்னைக்கு வாச்சை மட்டுந்தான் தேடுனேன். இந்தக் கைதாங்க" என்றார்.

"நங்கூரக் கயிறு அறுத்தது" என்றா அக்கா. "கலியாணத்துக்கு முந்தின வருசம்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. பிறகு பாயில் அப்படியே குனிந்து, நெற்றி நிலத்தில் படும்படி கிடந்து அழுதா. நானும் அழுதேன். ஒரு பக்கம் எனக்கு என்மேல் அப்படி ஒரு ஆத்திரம். இன்னொரு பக்கம் ஒன்று விளங்கியது. தழும்பு இருக்கிற படத்தை நான் கொண்டு போயிருந்தால், பாவத்துக்குச் சொன்னாரோ என்ற சந்தேகம் எங்களுக்கு எப்போதும் இருந்திருக்கும். இல்லாத தழும்பை யாரும் பாவத்துக்குச் சொல்ல முடியாது. என் பிழையில் விளைந்த நன்மை அது, அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

போகும்போது அக்கா கேட்டா, "அவர் ஏதும் கதைச்சவரோ?"

"ஒரே ஒரு வார்த்தைங்க. எங்கயோ கோயில் மணி கேட்டிச்சு. நேரம் என்னாங்கன்னு நான் வாய்க்குள்ள கேட்டேன். அவரு வாச்சு உள்பக்கமா இருந்திச்சில்ல, கையை மொகத்துக்கிட்ட கொண்டுபோயித் துணிக்குக் கீழால பாத்துட்டு, 'அஞ்சரை'ன்னாரு. அப்புறம் ஒரு எடத்துல என்னைய மட்டும் எறக்கி அடைச்சு வச்சாங்க. லொறி அவரோட போயிருச்சு."

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா யன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தா. பாலத்தில் ஏறியபோது உப்புக் காற்று அடித்தது. அப்போதுதான் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, அந்தத் தழும்பைத் திருப்பிப் போடேலுமோ?" என்று கேட்டா.

"போடத் தேவையில்லை அக்கா. அழிக்காமல் விட்டால் காணும்."

அன்று பின்னேரமே உட்கார்ந்து மறுபடி செய்தேன். பூட்டுப் படத்தில் பட்டைக்குக் கீழே பழைய தோலை அப்படியே வைத்தேன். தழும்பின் மேட்டில் நிழல் ஒழுங்கில்லாமல் உடைந்து விழுந்தது. உடையட்டும் என்று விட்டேன். சனிக்கிழமை விதானையார் படிவம் கொண்டு போனாராம், அக்கா கையெழுத்து வைக்கவில்லை. அந்த மனுசனின் தமையன் ஸ்டூடியோவுக்கு வந்து என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். செத்தவனைச் செத்தவன் என்று விடாமல் செய்துவிட்டாய் என்றார். நான் எல்லாருக்கும் வாய் காட்டுகிறவள், அன்றைக்கு அவர் தந்த பிரதியை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

சண்டை முடிந்த பிறகும் அந்த மனுசன் வரவில்லை. அக்கா அந்தப் படத்தோடு ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. கைபட்டுக் கைபட்டு மங்கிப்போகும்போது என்னிடம் வருவா, புதிதாக ஒன்று அச்சடித்துக் கொடுப்பேன். போன தடவை மகனும் கூட வந்தான், நெடுநெடுவென்று வளர்ந்திருந்தான். படம் அச்சில் வெளியே வரும்வரை மாமா தந்த அந்த மணிக்கூட்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டிருந்தான். நேரம் என்ன என்று நான் கேட்டேன். அவன் கையைத் திருப்பி, மணிக்கட்டின் உள்பக்கம் பார்த்துச் சொன்னான்.